முன்பணக் கடிதத்தில் இல்லாத வரி

ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். எச்.ஆர். உதவியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். வருகைப் பதிவு பார்ப்பது, கேட் பாஸ் போடுவது, கான்ட்ராக்டர்கள் மாதாமாதம் அனுப்பும் பில்லுடன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதும் ஆட்களின் பட்டியலும் இருக்கிறதா என்று சரிபார்ப்பது, இவைதான் என் வேலை. பாரூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வயல். கிருஷ்ணகிரியில் பி.காம். முடித்துவிட்டு, ஓசூரில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

பேக்கிங் பிரிவில் நாற்பது பெண்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். அதில் ஓர் அக்கா நாகரசம்பட்டிக்காரர். முப்பத்தெட்டு வயதிருக்கும். என் ஊர் எது என்று ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்கூருக்கு நடவுக்கு வந்திருக்கறேனுங்க மேடம். எங்கம்மாவோட, சின்னப் புள்ளயில" என்றார். யாருடைய வயலில் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வயலாகவும் இருக்கலாம். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. வருகைக்கு பஞ்ச் வைக்க வரும்போது என் ஜன்னலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்.

அவருடைய கணவர் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், கோஸ் மூட்டைகளை அடுக்கிய லாரியின் மேலிருந்து கீழே விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் ஆட்டோவில் போட்டுப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் போய்க்கொண்டிருந்த அவசரத்தில் எது பக்கம் என்பதைத்தான் பார்த்தார்களே தவிர, எங்கே அட்டை செல்லும் என்று யாரும் யோசிக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அக்கா ஓடியபோது, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தின் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காதிலிருந்ததையும் கழுத்திலிருந்ததையும் அடகு வைத்துக் கட்டியபிறகு ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

அக்காவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. என்று எண்பது ரூபாய் சொச்சம் பிடிக்கிறார்களே, குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கிற அந்த அட்டை இருக்கிறதே என்று. சனிக்கிழமை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கிருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பல மாதமாக அவர் பெயரில் பணமே கட்டவில்லை, அட்டை இப்போது செல்லாது, கம்பெனியில் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கிய சிறிது நேரத்தில், சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம்.

"லெட்டருங்க மேடம். அட்வான்ஸ் கேட்டு. எம்பொண்ணு எழுதிக் குடுத்துச்சு."

கோடு போட்ட நோட்டுத் தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனியின் பெயர். கணவருக்கு அடிபட்டது, ஆபரேஷன் ஆனது, பாக்கி பன்னிரண்டாயிரம் கட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொரு நாளும் படுக்கை வாடகை ஏறுகிறது, சம்பளத்தில் முன்பணமாகக் கொடுத்தால் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மூன்று வரி:

"என் சம்பளத்தில் எட்டு மாதமாக இ.எஸ்.ஐ. பணம் பிடிக்கிறார்கள். ஆனால் பணம் கட்டவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். கட்டியிருந்தால் நான் இப்போது கேட்கவேண்டி இருந்திருக்காது ஐயா."

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் பேக்கிங் பிரிவின் கான்ட்ராக்டர் மாறினார். ஆட்கள் அதே ஆட்கள், செய்கிற வேலையும் அதேதான். பழைய கான்ட்ராக்டர் கணக்கிலிருந்த இ.எஸ்.ஐ. எண்களைப் புதியவர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு பணம் கட்டவேண்டும். முதல் மாதம் பில்லோடு வந்த பட்டியலில் முப்பத்து மூன்று பெயர்தான் இருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். ஏழு பேருக்கு ஆதாரில் ஏதோ பெயர்க் குழப்பம், அடுத்த மாதம் சேர்த்துவிடுவார்கள் என்றார். அடுத்த மாதம் பட்டியலே வரவில்லை. ரசீது மட்டும் வந்தது. நான் ரசீது இருக்கிறதா என்று பார்த்து ஓரத்தில் டிக் அடித்து மேலே அனுப்பினேன். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். பிறகு அது பழகிப்போய்விட்டது.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் பெங்களூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி வந்து போகிறவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். கெட்ட மனிதர் இல்லை. என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபோது தன் காரிலேயே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இன்வர்ட் சீல் போட்டியாம்மா?"

"இல்ல சார்."

"போடாதே. ரிஜிஸ்டர்ல ஏத்தாதே."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் சொன்னது எனக்குத் தெரியாத சட்டம் இல்லை. கான்ட்ராக்ட் ஆளின் கடிதத்தைக் கம்பெனி வாங்கிச் சீல் போட்டால், அவரைத் தன் ஆள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது போல ஆகும். கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ. கட்டாவிட்டால் கட்டவேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு. கட்டவில்லை என்று எழுத்தில் தெரிந்தபிறகும் சும்மா இருந்தோம் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். எங்கள் பாகங்களை வாங்குகிற வாகனக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரப்போகிற வாரம் வேறு.

கான்ட்ராக்டருக்கு போன் போட்டார். பாதி கன்னடத்திலும் பாதி தெலுங்கிலும் பத்து நிமிடம் சத்தமாகப் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கே பணம் குடுத்துடுவான். லெட்டர் அவன் பேருக்கு இருக்கணும். இந்தக் கடைசி மூணு லைன் வேண்டாம். போன மாசத்துல இருந்து உங்ககிட்ட வேலை செய்யறேன்னு ஒரு வரி போட்டுக்கோ. நீயே டைப் பண்ணி ஒரு கையெழுத்து வாங்கிடு."

"எட்டு மாசம் ஆச்சு சார்."

"தெரியும்மா. இந்த மாசத்துல இருந்து அவன் ஒழுங்கா கட்ட ஆரம்பிப்பான். பழசைக் கிளறினா அந்தம்மாவுக்குப் பணம் இன்னைக்கு வராது. ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு. எது முக்கியம்னு நீயே சொல்லு."

அந்த ஏழு பேர் இல்லாத ரசீதுகளில் என் டிக்கும் அவர் கையெழுத்தும் மேலும் கீழுமாக இருந்தன. அது இருவருக்கும் தெரியும். வெளியே வந்து கம்ப்யூட்டரில் தட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் பெண் எழுதிய பல வரிகளை அப்படியே வைத்துக்கொண்டேன். அது நன்றாகத்தான் எழுதியிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் நேரமாகும். "கடந்த மாதம் முதல் தங்களிடம் பணிபுரிந்து வருகிறேன்" என்ற வரியை வேகமாகப் படித்தேன். வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன். இதை எத்தனையோ விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் கவனித்தது மற்றதை.

"இ.எஸ்.ஐ. சங்கதி எழுதியிருந்துச்சே, அது காணமே மேடம்?"

"அது இருந்தா பணம் வர லேட் ஆகும்கா. இது கான்ட்ராக்டருக்குப் போற லெட்டர். கம்பெனியில அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க."

"நெசந்தானுங்களே அது. பொய் ஒண்ணும் எழுதலயே."

"பொய்யின்னு யாரும் சொல்லலக்கா. மொதல்ல பணம் வரட்டும்."

அவர் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்திப் போட்டார். பழைய நோட்டுத் தாள் மேனேஜர் அறையிலேயே தங்கிவிட்டது. அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் நானும் அவரோடு போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் கான்ட்ராக்டரின் ஆபீஸ். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, சுவரில் பல கம்பெனிகள் கொடுத்த காலண்டர்கள். கான்ட்ராக்டர் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். அந்த ஒரு வரியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டார்.

"பன்னெண்டு முடியாதும்மா. கம்பெனில இருந்து எனக்கே இன்னும் பில் பாஸ் ஆகல. எட்டு தர்றேன். மாசம் ரெண்டாயிரம் பிடிச்சுக்குவேன்."

"பன்னெண்டு கட்டுனாத்தான் உடுவாங்களாமுங்க."

"நான் என்ன பேங்க்கா வெச்சிருக்கேன்? எட்டுக்கே எவ்வளவு பேர் கேக்கறாங்க தெரியுமா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசவேண்டியவள் நான்தான் என்பது போல. அந்த ஃபைலுக்குள் போன காகிதத்துக்கு இன்னும் நாலாயிரம் வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். படியிறங்கி வந்ததும் பக்கத்து ஏ.டி.எம்.மில் நான் மூவாயிரம் எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க நல்லா இருப்பீங்க மேடம்."

அறைக்குத் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இப்போது ஞாபகத்துக்கு வந்தால் உடம்பு கூசுகிறது.

அக்கா கெஞ்சியதில் ஆஸ்பத்திரியில் ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டு மறுநாள் காலை கணவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் முந்நூறு, நானூறு ஆகும். அதோடு ஆட்டோ. முதல் மாதச் சம்பளத்தில் இரண்டாயிரம் பிடித்ததுபோக வந்ததில் வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், அரிசிக்கே இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், பிறகு தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் கட்டு மாற்றிக்கொண்டார்கள். கால் வீங்கியிருக்கிறது என்று அக்கா என்னிடம் ஒரு முறை சொன்னார். இ.எஸ்.ஐ.க்குப் போங்கள், இந்த மாதம் கட்டியிருப்பார்கள் என்றேன். புது எண்ணாகப் பதிந்திருக்கிறார்கள், ஆவணம் சரிபார்க்க இன்னும் சில நாள் ஆகும் என்று அங்கே சொன்னார்களாம்.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் காய்ச்சலில் கணவருக்கு நினைவு தப்பியது. நூற்றெட்டு ஆம்புலன்ஸில் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. கம்பியை எடுத்துவிட்டு நான்கு நாள் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அக்கா மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. வந்த அன்று என் ஜன்னலுக்கு வரவில்லை. பஞ்ச் வைத்துவிட்டு நேராக உள்ளே போனார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து நின்றார்.

"கான்ட்ராக்டர்கிட்ட போயிருந்தேனுங்க. எட்டு மாசப் பணம் கட்டியிருந்தா எங்கூட்டுக்காரருக்கு இ.எஸ்.ஐ.லயே பாத்திருப்பாங்களேன்னு கேட்டேன். நீ லெட்டர் குடுத்ததுக்கு முந்தின மாசந்தானே சேந்தன்னு சொல்லி லெட்டரக் காட்டுறாருங்க. எங்கையெழுத்து இருக்குது."

நான் குழாயை மூடினேன்.

"நீங்க டைப் பண்ணதுதானுங்களே, மேடம்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் செய்தேனா, அல்லது வேறு யாராவது பிறகு மாற்றிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாற்றியிருப்பார்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"நான்தான்கா. தெரிஞ்சுதான் டைப் பண்ணேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த டிபன் டப்பாவைக் கழுவினார்.

நான் ஏதாவது செய்தது அதற்கு மறுநாள்தான். மேனேஜர் வேறோர் ஆடிட்டுக்கு வந்தவர்களோடு ஷாப் ஃப்ளோரில் இருந்த நேரத்தில், அக்காவின் பத்து மாத வருகைப் பதிவை அச்செடுத்தேன். அவர் பஞ்ச் வைத்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. சாப்பாட்டுப் பையில் மடித்து வைத்து வெளியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். பிடித்தம் காட்டிய சம்பளச் சீட்டுகளில் ஆறு அவரிடமே இருந்தன. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இந்த முறை எல்லா வரியும் இருந்தது. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவர் பாதியில் கைகாட்டி நிறுத்தினார்.

"குடுங்க, நானே படிக்கறேன்."

அரை மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படித்தபிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மனு கொடுத்த அந்த மாதக் கடைசியில் அவருடைய கேட் பாஸ் முடிந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மாதாமாதம் புதுப்பிக்கவேண்டும். கான்ட்ராக்டர் அனுப்பிய அடுத்த மாதப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது பாஸ் போட்டதும் நான்தான்.

மூன்று மாதம் கழித்து இ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு நாள் ரசீதுகளைப் பார்த்தார். ஏழு பேருக்கும் சேர்த்துப் பாக்கியை வட்டியோடு கட்டச் சொன்னார்கள். கான்ட்ராக்டர் கட்டினார். கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, பதில் போனது. மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, வருகைப் பதிவு யாருடைய லாகினிலிருந்து அச்செடுக்கப்பட்டது என்று சிஸ்டத்தில் தெரியும் என்றார். ஆமாம் சார் என்றேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இனிமே பட்டியல்ல பேரு பேரா பாரு" என்று மட்டும் சொன்னார். என்னை நிறுத்தினால் அந்த டிக்குகளைப் பற்றியும் பேசவேண்டியிருக்கும். மேற்கொண்டு இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். ஒரு இன்க்ரிமென்ட்டும் வாங்கினேன்.

பாக்கி கட்டிய அன்று அக்காவுக்கு போன் செய்தேன்.

"உங்க பேர்ல பணம் கட்டிட்டாங்கக்கா. எட்டு மாசமும்."

"அப்படிங்களா. இப்ப அட்டை செல்லுமுங்களா?"

செல்லலாம் என்றேன். ஆனால் வேலையில் இல்லாததால் ரொம்ப நாளைக்குச் செல்லாது என்றும் சொல்லவேண்டியிருந்தது. மறுமுனையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"மத்த ஆறு பேருக்கும் செல்லுமுங்களா?"

"செல்லும்கா."

"அதுல ஒருத்தி மாசமா இருக்கறா. ஆவட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன வருடம், தொரப்பள்ளி வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலை என்றார். விரல்களில் முள் கிழித்த கோடுகள். கணவர் ஊன்றுகோலோடு வீட்டு வாசல் வரை நடக்கிறார், கோபம் அதிகமாகிவிட்டது, சில நாள் சாப்பிடுவதில்லை என்றார். பண்ணையில் சம்பளம் எப்படி என்று கேட்டேன். தினக்கூலி, சாயங்காலம் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்றார்.

"பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டாக்கா?"

"அங்க எதுவும் பிடிக்கறதில்லைங்க" என்றார். அது ஒரு வசதி என்பது போலத்தான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் இடம் காலியாகி, நாங்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கண்டக்டரிடம் தெலுங்கில் எதையோ சொல்லி, பண்ணைக்குப் போகிற மண்பாதை ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்கும்போது, "வரேனுங்க மேடம்" என்றார்.